இன்ட்ரோவுக்கும் அவுட்ரோவுக்கும் 9 மணி நேரம், மிச்சம் வேறிடத்தில்

வீட்டு மாடியில் டியூஷன் நடத்தும் கணக்கு ஆசிரியர்கள் வீடியோ வேலைக்காக என்னிடம் வரும்போது பேச்சு எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கும். "தம்பி, முதல்ல இன்ட்ரோவை முடிச்சிருவோம். பேரு சுத்திக்கிட்டே வரணும், பின்னாடி மியூசிக் இருக்கணும்." முன்பணம் தருவதும் அதற்குத்தான். பாடத் தொடர் ஒன்றின் செலவை நேரமாகவும் ரூபாயாகவும் எழுதிப் பார்த்தால் அந்தச் சுழலும் பெயர்தான் போட்ட நேரத்துக்கு எல்லாவற்றிலும் குறைவாகச் சம்பாதித்துத் தரும் இனம் என்று தெரியும். அந்தக் கணக்கைத்தான் இங்கே வரிவரியாகப் போடுகிறேன்.

எடுத்துக்கொண்ட தொடர் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், பத்தாம் வகுப்புக் கணக்கு, ஆறாவது இயல், முக்கோணவியல். தனி ஆசிரியர் ஒருவர், வாரத்தில் சில மணி நேரம் மட்டும் கையில் இருக்கும் எடிட்டர் ஒருவர், ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். பாடங்கள் 24. அறிமுகம் 1, முற்றொருமை நிரூபணங்கள் 8, ஏற்றக்கோணம் 7, இறக்கக்கோணம் 4, இரண்டும் கலந்த கணக்குகள் 4. சராசரி நீளம் 7 நிமிடம், ஆகமொத்தம் 168 நிமிடம். காட்சி பெரும்பாலும் மேலிருந்து எடுத்தது. தாள், கை, பேனா. ஆசிரியர் முகம் முதல் பாடத்தில் மட்டும் வந்தால் போதும். கீழே வரும் நேரமும் விலையும் இந்த அளவுத் தொடருக்கு நான் எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

டெம்ப்ளேட் எதுவும் இல்லாமல் ஒவ்வொரு பாடத்தையும் புதிதாகச் செய்தால் ஒன்றுக்கு 350 நிமிடம் பிடிக்கும். ஐந்து மணி ஐம்பது நிமிடம். எல்லாவற்றையும் வார்ப்பாக அமைத்துக்கொண்டு செய்தால் 185 நிமிடம். அந்த வித்தியாசம் எந்த வேலையில் எவ்வளவு என்பதைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

| வேலை (ஒரு பாடத்துக்கு, நிமிடத்தில்) | வார்ப்பு இல்லாமல் | வார்ப்புடன் |
|---|---|---|
| பாடக் குறிப்பு | 30 | 30 |
| படங்கள், ஸ்லைடுகள் | 50 | 25 |
| கேமரா, விளக்கு, மைக் பொருத்துதல் | 25 | 8 |
| பதிவு | 25 | 25 |
| எடிட்டிங் | 110 | 70 |
| இன்ட்ரோ, அவுட்ரோ, தலைப்பு சேர்த்தல் | 35 | 3 |
| ஒலி அளவைச் சரிசெய்தல் | 20 | 4 |
| தம்ப்நெயில் | 30 | 8 |
| இறுதிக் கோப்பு, பதிவேற்றம், விவரக் குறிப்பு | 25 | 12 |
| மொத்தம் | 350 | 185 |

முதலில் கண்ணில் படவேண்டியது மாறாத இரண்டு வரிகள். பாடக் குறிப்பு 30 நிமிடம் 30 நிமிடமாகவே இருக்கிறது, பதிவு 25 ஆகவே இருக்கிறது. ஆசிரியர் யோசிக்கிற நேரத்தையும் பேசுகிற நேரத்தையும் எந்த வார்ப்பும் குறைக்காது. குறைத்துக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் பாடத்தில் கை வைக்கிறார்கள் என்று பொருள்.

ஒரு பாடத்துக்கு 165 நிமிடம் மிச்சம். 24 பாடத்துக்கு 66 மணி நேரம். இதற்கு எதிரே வார்ப்புகளைச் செய்ய ஆகும் நேரத்தை வைக்க வேண்டும். இன்ட்ரோ 6 மணி, அவுட்ரோ 3, ஸ்லைடு வார்ப்பு 7, தம்ப்நெயில் 2, எடிட்டிங் புராஜெக்ட் கோப்பு 4, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பாடத்தைச் சோதனையாகச் செய்து பார்க்க 4. கூட்டினால் 26 மணி நேரம். 26 மணி என்பது 1,560 நிமிடம். அதைப் பாடத்துக்கு 165 என்று கழித்துக்கொண்டே வந்தால் பத்தாவது பாடத்தில்தான் கடன் தீர்கிறது. பதினொன்றிலிருந்து லாபம். 24 முடியும்போது நிகர மிச்சம் 40 மணி.

மொத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு இனமும் வேறு முகம் காட்டுகிறது. இன்ட்ரோவும் அவுட்ரோவும் சேர்ந்து 9 மணி நேரத்தைத் தின்று 12.8 மணி நேரத்தைத் திருப்பித் தருகின்றன. லாபம் 3.8 மணி. ஸ்லைடு வார்ப்பு 7 வாங்கி 10 தருகிறது. தம்ப்நெயில் 2 வாங்கி 8.8 தருகிறது. யாரும் கேட்காத புராஜெக்ட் கோப்பு 4 மணி நேரம் வாங்கிக்கொண்டு எடிட்டிங், ஒலி, இறுதிக் கோப்பு மூன்றிலும் சேர்த்து 27.6 மணி நேரம் தருகிறது. பொருத்தும் வேலையில் வரும் 6.8 மணி மிச்சத்துக்கு வார்ப்பு காரணமே இல்லை. ஒரே அமர்வில் 4 பாடம் எடுப்பதால் வருவது அது. விளக்கும் ஸ்டாண்டும் வைக்க 32 நிமிடம், அதை நான்கால் வகுத்தால் 8. தரையிலும் மேசையிலும் ஒட்டிய கலர் டேப் துண்டுகள்தான் அங்கே முதலீடு. தாளின் நான்கு மூலைக்கும் ஸ்டாண்டின் கால்களுக்கும் டேப் ஒட்டிவிட்டால் ஆறு அமர்வுகளிலும் சட்டகம் ஒரே மாதிரி இருக்கும்.

அந்தப் புராஜெக்ட் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கீழ்த்தடத்தில் கையும் தாளும் வரும் வீடியோ, அதன் மேல் ஸ்லைடு, அதற்கும் மேல் தலைப்புப் பட்டை. ஒலியில் முதல் தடம் குரல், இரண்டாவது தடம் மெட்டு. இன்ட்ரோவும் அவுட்ரோவும் அதனதன் இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். குரல் தடத்தில் ஒலி வடிகட்டிகள் போட்டபடி இருக்கும். இறுதிக் கோப்பின் அளவுகள் சேமிக்கப்பட்டிருக்கும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலும் கேடென்லைவிலும் இதை ஒருமுறை அமைத்துப் படியெடுத்துக்கொண்டே போகலாம், மென்பொருள் செலவு கிடையாது.

ஆனால் எடிட்டிங் 110 நிமிடத்திலிருந்து 70க்கு இறங்குவதற்குக் கோப்பு பாதிக் காரணம்தான். மறுபாதி ஆசிரியர் பதிவு செய்யும் முறையில் இருக்கிறது. தவறாகச் சொல்லிவிட்டால் நிறுத்தாமல் ஒருமுறை கைதட்டி, இரண்டு விநாடி சும்மா இருந்து, அந்த வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். பாதியிலிருந்து சொன்னால் வெட்டுத் தெரியும். கைதட்டல் ஒலிக் கோட்டில் ஊசிபோல் எழுந்து நிற்கும். 20 நிமிடப் பதிவை முழுக்கக் கேட்க வேண்டாம், ஊசிக்கு ஊசி தாவினால் போதும். எல்லாப் பாடமும் கேள்வி, படம், செய்முறை, விடை என்ற ஒரே வரிசையில் போவதால் எடிட்டருக்கு எங்கே எந்த ஸ்லைடு வரும் என்பதும் தெரிந்திருக்கும்.

கோப்பைத் தயாரிக்கும் அந்த 4 மணி நேரத்தில் கவனிக்காமல் விட்டால் 24 பாடத்திலும் பழிவாங்கும் எண்கள் இரண்டு. ஒன்று, விநாடிக்கு எத்தனை சட்டகம் என்பது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கும் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் விநாடிக்கு 100 முறை மங்கி எழும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். கைப்பேசி தன்னிச்சையாக 30 சட்டகத்தில் எடுத்தால் வெள்ளைத் தாளின் மேல் சாம்பல் பட்டைகள் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். 25 சட்டகம், ஷட்டர் 50இல் 1 அல்லது 100இல் 1 என்று கையால் அமைத்தால் பட்டை போய்விடும். கைப்பேசியின் கேமராவில் அந்த வசதி இல்லாவிட்டால் அதற்கான செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதன் தம்பி. பல கைப்பேசிகள் சட்டக வேகத்தை நிலையாக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் அதை நிலையான வேகம் என்று எடுத்துக்கொண்டால் குரலும் கையும் பிரியும். 29.97 ஆக வந்ததை 30 என்று எடுத்துக்கொண்டாலே 7 நிமிட முடிவில் 0.42 விநாடி விலகல். ஆசிரியர் "சமம்" என்று சொல்லி முடிப்பதற்குள் பேனா அடுத்த வரிக்குப் போயிருக்கும். பாடத்தின் முதல் நிமிடத்தில் இது தெரியாது. அதனால்தான் சோதனைப் பாடத்தின் கடைசி நிமிடத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இன்ட்ரோ ஓரிடத்தில் செய்து வந்திருக்கும், பாடம் வேறிடத்தில் எடுத்திருக்கும். இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க இந்த ஒரு வரி போதும்.

```
ffprobe -v error -show_entries stream=codec_name,width,height,r_frame_rate,avg_frame_rate,sample_rate -of default=nw=1 intro.mp4
```

இதே வரியில் பாடத்தின் கோப்புப் பெயரைப் போட்டு இன்னொரு முறை ஓட்டி, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அகலம் 1920, உயரம் 1080, சட்டகம் `25/1`, ஒலி 48000. இவை இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே கோப்பில் `r_frame_rate` ஒன்றாகவும் `avg_frame_rate` வேறாகவும் வந்தால் வேகம் நிலையில்லாமல் ஓடுகிறது என்று சந்தேகப்படலாம். அந்தக் கோப்பை 25க்கு மாற்றிய பிறகுதான் எடிட்டிங்குக்குள் விட வேண்டும்.

இரண்டாவது எண் ஒலி. இன்ட்ரோ மெட்டுகளை அவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் உச்சத்தில் இறுக்கித்தான் தருவார்கள், அளவுமானியில் மைனஸ் 9 எல்யுஎஃப்எஸ் அளவில் நிற்கும். காலர் மைக்கில் பதிவான குரல் மைனஸ் 24இல் கிடக்கும். இடையில் 15 டெசிபல். இரவு பதினோரு மணிக்கு ஹெட்போனில் கேட்கும் பிள்ளை, குரல் கேட்கவில்லை என்று ஒலியைக் கூட்டும். அடுத்த பாடத்தின் இன்ட்ரோ காதில் அறையும். யூடியூப்தான் ஒலியைச் சமன் செய்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது மைனஸ் 14க்கு மேல் உரக்க இருக்கும் வீடியோவை முழுவதுமாகக் கீழே இறக்கும், மெதுவாக இருப்பதை ஏற்றாது. ஒரே வீடியோவுக்குள் மெட்டுக்கும் குரலுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சமன் தொடாது. அதனால் குரலை மைனஸ் 14 அல்லது 16க்கு ஏற்றி, மெட்டை அதைவிட 4 டெசிபலாவது கீழே வைத்து, புராஜெக்ட் கோப்பிலேயே பூட்டிவிட வேண்டும். பாடத்துக்கு 20 நிமிடம் என்பது 4 ஆவது இப்படித்தான்.

இனி எல்லோரும் ஆசைப்படும் இன்ட்ரோ. அதன் செலவில் பாதியை ஆசிரியரோ எடிட்டரோ கட்டுவதில்லை, பார்க்கிறவர் கட்டுகிறார். 12 விநாடி இன்ட்ரோ 24 பாடத்தில் 288 விநாடி, ஏறத்தாழ 5 நிமிடம். 40 பிள்ளைகள் இருக்கும் ஒரு பேட்ச் தொடர் முழுவதையும் ஒருமுறை பார்த்தால் 3 மணி 12 நிமிடம் ஒரே பெயர்ப் பலகையைப் பார்க்கிறார்கள். அதைவிட, பார்க்காமல் தாவிவிடுகிறார்கள். தாவும்போது பாடத்தின் முதல் வாக்கியத்தையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறார்கள். 5 விநாடி என்றால் அதே பேட்சுக்கு 1 மணி 20 நிமிடம்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. வீடியோ திறந்தவுடன் கேள்வி. "ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்த்தால் ஏற்றக்கோணம் 60 டிகிரி. உயரம் என்ன?" இது 8 விநாடி. அதன்பின் 5 விநாடி இன்ட்ரோ. பிறகு செய்முறை. எந்தப் பாடத்தைத் திறந்தோம் என்று பிள்ளைக்கு முதல் விநாடியிலேயே தெரிந்துவிடும், தாவினாலும் இழப்பு இல்லை.

இன்ட்ரோவுக்குள் என்ன எழுதக் கூடாது என்பதில்தான் பணம் இருக்கிறது. கல்வியாண்டு, கைப்பேசி எண், கட்டணம், பேட்ச் நேரம், புத்தகப் பயிற்சி எண் எதையும் எழுதக் கூடாது. யூடியூபில் ஏற்றிய வீடியோவின் கோப்பை அதே முகவரியில் வைத்துக்கொண்டு மாற்ற முடியாது. நடுவிலோ ஓரத்திலோ வெட்டி எடுக்கலாம், புதிய சட்டகத்தைச் செருக முடியாது. எண் மாறினால் 24 வீடியோவையும் மறுபடி செய்து மறுபடி ஏற்றி, பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும் பழைய இணைப்புகள் எல்லாம் வீணாவதைப் பார்க்க வேண்டியதுதான். விவரக் குறிப்பை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். மாறக்கூடியது எதுவோ அது அங்கே போகட்டும். பாடநூலும் மாறும். 2019-20இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய புத்தகம் வந்தபோது பழைய பயிற்சி எண்களுக்கு அர்த்தம் போய்விட்டது. ஏற்றக்கோணமும் கோபுரமும் அப்படியே இருந்தன.

அவுட்ரோவின் நீளத்தை நாம் தீர்மானிப்பதில்லை. அடுத்த பாடத்துக்கான பெட்டிகள் வரும் இறுதித் திரையை யூடியூப் கடைசி 5 முதல் 20 விநாடிக்குள்தான் அனுமதிக்கிறது. வழக்கமான அகலத் திரையில் அதிகபட்சம் 4 பெட்டி. பாடத் தொடருக்கு இரண்டு போதும், அடுத்த பாடம் ஒன்று, முழு இயலின் பட்டியல் ஒன்று. 10 விநாடி வைத்தால் பார்க்கவும் தொடவும் நேரம் இருக்கும். வார்ப்பில் அந்த இரண்டு பெட்டிகளுக்கான இடத்தைக் கட்டம் கட்டிக் காலியாக விட வேண்டும். அடிக்கடி நடக்கும் கேடு என்னவென்றால், ஆசிரியர் விடையைக் கீழே வலது மூலையில் எழுதி முடித்த உடனே அவுட்ரோ தொடங்கும், பெட்டி வந்து விடையின் மேல் உட்காரும். எடிட்டிங் திரையில் இது தெரியவே தெரியாது, பெட்டிகள் பிறகு வருபவை ஆயிற்றே. விடை 3 விநாடி அசையாமல் நின்று, அதன் பிறகே அவுட்ரோ வர வேண்டும் என்பதைப் புராஜெக்ட் கோப்பிலேயே ஒரு குறியாக வைத்துவிடலாம்.

ஸ்லைடு வார்ப்புக்கு 7 மணி நேரம் கேட்பது சிலருக்கு அதிகமாகத் தெரியும். தமிழுக்குச் செய்வதால்தான் அவ்வளவு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வார்ப்புகள் ஆங்கிலத்தின் குட்டையான தலைப்புகளை நினைத்து வரைந்தவை. அதில் "ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும்" என்று போட்டால் எழுத்து பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அல்லது மென்பொருள் தானாக எழுத்தைச் சுருக்கி எறும்பு அளவாக்கும். வார்ப்பைத் தொடரிலேயே நீளமான தலைப்பை வைத்துத்தான் வரைய வேண்டும், பிறகு "அறிமுகம்" என்ற குட்டித் தலைப்பைப் போட்டு வெறிச்சென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.4 மடங்காவது வேண்டும். இல்லையென்றால் மேல் வரியின் "று", "கூ" கீழே இறங்கிக் கீழ் வரியின் "கி", "ரீ" மேல்விலங்கோடு முட்டும். 1080 புள்ளி உயரத் திரையில் எழுத்தளவு 64க்குக் கீழே போகக் கூடாது, ஒரு ஸ்லைடில் 7 வரிக்கு மேல் கூடாது. பார்ப்பது கைப்பேசியில்.

எழுத்துருவில் ஒருங்குறி தவிர வேறு எதையும் உள்ளே விடக் கூடாது. அச்சகத்தில் பழகியவர்கள் பாமினியில் தட்டச்சு செய்து தருவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தலைப்பு ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், உரிமச் சிக்கல் இல்லை. இன்னொரு பொறி, சில வீடியோ மென்பொருள்கள் தமிழை ஒழுங்காகக் கோப்பதில்லை. "கோணம்" என்பதில் இரட்டைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எந்த மென்பொருளிலும் இந்தச் சிக்கல் வராத வழி, தலைப்புகளை இங்க்ஸ்கேப்பில் எழுதிப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்துச் சேர்ப்பது. 24 தலைப்பையும் ஒரே மூச்சில் எடுத்து, பாட எண்ணின் பெயரில் சேமித்துவிட்டால் பிறகு இழுத்துப் போடுவதுதான் வேலை.

படங்களில்தான் இந்த இயல் தாராளமாக நடந்துகொள்கிறது. உயரமும் தூரமும் பற்றிய 15 பாடத்துக்கும் அடிப்படைப் படம் 4தான். தரையிலிருந்து மேலே பார்க்கும் செங்கோண முக்கோணம், உச்சியிலிருந்து கீழே பார்ப்பது, ஒரே உயரத்தை இரண்டு இடத்திலிருந்து பார்ப்பது, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே மேலும் கீழும் பார்ப்பது. கோபுரக் கணக்கை எடுத்துக்கொண்டால் முதல் படத்தில் அடிப்பக்கத்தில் 30, கோணத்தில் 60 என்று மாற்றினால் போதும். டேன் 60 என்பது 1.732, அதை 30ஆல் பெருக்க 51.96 மீட்டர். அடுத்த கணக்கில் கோபுரம் கலங்கரை விளக்கம் ஆகும், 30 என்பது 80 ஆகும், முக்கோணம் அதேதான். ஆனால் படத்தை அளவுக்கு வரைந்திருக்க வேண்டும். 60 டிகிரி என்று எழுதிவிட்டு 45 போலத் தெரியும் முக்கோணத்தைக் காட்டினால் படம் பார்த்து விடையை ஊகிக்கிற பிள்ளை குழம்பும். ஆகவே ஒவ்வொரு அடிப்படைப் படத்திலும் 30, 45, 60 என மூன்று வடிவம், மொத்தம் 12 கோப்பு. இரண்டு கோணம் வரும் படங்களில் பெரிய கோணத்தை வைத்து வடிவத்தைத் தேர்ந்துகொண்டு சிறிய கோணத்துக்கான கோட்டை மட்டும் நகர்த்தலாம். 7 மணி நேரத்தில் பாதி இதற்கே போகும்.

முற்றொருமைப் பாடங்கள் 8க்கும் படம் கிடையாது. அங்கே வார்ப்பு என்பது இடப்பக்கம், வலப்பக்கம் என்ற இரண்டு பத்தியும் நடுவில் ஒரு கோடும் மட்டும். அதில் இன்னும் அலங்காரம் செய்ய இடமில்லை, வேண்டியதும் இல்லை. சில நிரூபணங்கள் 12 நிமிடம் பிடிக்கும். 7 நிமிடம் என்பது சராசரி. அதற்காக ஒரு படியை விழுங்கிவிடக் கூடாது.

பணக் கணக்குக்கு வருவோம். பொருட்கள் வகையில் மேலிருந்து எடுக்கும் ஸ்டாண்ட் 1,800 ரூபாய், கம்பி வைத்த காலர் மைக் 900, இரண்டு எல்இடி விளக்கு 1,200, ஒரு டெராபைட் வெளி வட்டு 4,500. மொத்தம் சுமார் 8,400. வட்டு எதற்கு என்று கேட்பார்கள். கைப்பேசியில் 1080 தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 எம்பி. பாடத்துக்கு 20 நிமிடம் மூலப் பதிவு என்றால் 2.6 ஜிபி, 24 பாடத்துக்கு 62 ஜிபிக்கு மேல். இறுதிக் கோப்பு 8 மெகாபிட் வேகத்தில் நிமிடத்துக்கு 60 எம்பி, 7 நிமிடத்துக்கு 420 எம்பி, தொடர் முழுக்க 10 ஜிபி. மகள் கல்யாண போட்டோக்களோடு சேர்ந்து இருக்கும் ஆசிரியரின் கைப்பேசியில் இது அடங்காது. இடம் இல்லை என்று மூலப் பதிவை அழித்துவிட்டால், மூன்றாவது பாடத்தில் ஒரு குறி தவறாகச் சொன்னதைத் திருத்தப் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டிவரும்.

கூலிக்கு எடிட்டர் மணிக்கு 200 ரூபாய் என்று வைப்போம். பாடக் குறிப்பு, ஸ்லைடு, பொருத்துதல், பதிவு நான்கும் ஆசிரியர் கையில். மற்றவை எடிட்டர் கையில். வார்ப்பு இல்லாமல் எடிட்டருக்குப் பாடத்துக்கு 220 நிமிடம், தொடருக்கு 88 மணி, 17,600 ரூபாய். வார்ப்புடன் பாடத்துக்கு 97 நிமிடம், தொடருக்கு 38.8 மணி, 7,760 ரூபாய். வார்ப்புகளைச் செய்த 26 மணிக்கு 5,200. கூட்டினால் 12,960. மிச்சம் 4,640 ரூபாய். பாடம் ஒன்றுக்கு 733 ரூபாய் ஆகியிருக்க வேண்டியது 540 ஆகிறது. ஆசிரியரின் சொந்த நேரம் 52 மணியிலிருந்து 35.2 மணிக்கு இறங்குகிறது. மாலை 5 முதல் 9 வரை பேட்ச் நடத்துகிறவருக்கு அந்தப் பதினேழு மணி நேரம்தான் ரூபாயைவிடப் பெரியது.

உண்மையில் வார்ப்பு சம்பாதிப்பது இரண்டாவது இயலில். ஏழாவது இயலான அளவியலுக்கும் 24 பாடம் என்றால் 5,200 ரூபாய் மறுபடி வராது. பாடம் 323 ரூபாயில் முடியும். நேர்வட்டக் கூம்பு, அரைக்கோளம், இடைக்கண்டம் என்று படங்கள் மட்டும் புதிதாக வரைய வேண்டும். அதற்கு ஒரு 4 மணி நேரம், 800 ரூபாய் சேர்த்துக்கொண்டாலும் பாடத்துக்கு 357ஐத் தாண்டாது. இன்ட்ரோவில் "முக்கோணவியல்" என்று எழுதியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு உடையும். இயலின் பெயர் இன்ட்ரோவுக்கு வெளியே, தலைப்புப் பட்டையில் இருக்க வேண்டும்.

"எனக்கு அவ்வளவு வேணாம் தம்பி, பொதுத்தேர்வுக்கு முன்னாடி ஒரு ஆறு வீடியோ போட்டா போதும்" என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு 26 மணி நேர வார்ப்பு நஷ்டம். ஆறு பாடத்தில் அது திருப்பித் தருவது 16.5 மணிதான், 9.5 மணி கையிலிருந்து போகும். அவர்களுக்கு நான் புராஜெக்ட் கோப்பையும் தம்ப்நெயிலையும் மட்டும் செய்து கொடுப்பேன். 6 மணி நேர வேலை. பாடத்துக்கு 91 நிமிடம் மிச்சமாகி, ஆறு பாடத்தில் 9 மணிக்குச் சற்று மேல் திரும்பி வரும். சோதனைப் பாடம் தனியாகக் கிடையாது, முதல் பாடமே சோதனை. இன்ட்ரோ என்ற இடத்தில் ஆசிரியர் பெயரும் பாடத் தலைப்பும் எழுதிய அசையாத படம் ஒன்று, 3 விநாடி. அவர் மெட்டு கேட்பார். வேண்டாம் சார் என்பேன்.